தக்காளி ஏன் சிவந்தது? நகைச்சுவை மொழி மாறும்போது நடப்பது

ஆங்கிலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லும் பழைய கடி ஜோக் ஒன்று உண்டு. தக்காளி ஏன் சிவந்துபோனது? சாலட் டிரெஸ்ஸிங்கைப் பார்த்துவிட்டதாம். சாலட் மேல் ஊற்றுகிற எண்ணெயும் வினிகரும் கலந்த சாறுக்கு அங்கே டிரெஸ்ஸிங் என்று பெயர். உடை உடுத்துவதும் டிரெஸ்ஸிங்தான். ஆக, தக்காளி பார்த்தது சாறையா, சாலட் உடை மாற்றுவதையா என்பதில்தான் சிரிப்பு இருக்கிறது.

மொழிபெயர்க்க ஆரம்பித்த காலத்தில் இதை நான் தமிழாக்கிப் பார்த்தேன். "தக்காளி ஏன் வெட்கத்தில் சிவந்தது? சாலட் உடை மாற்றுவதைப் பார்த்துவிட்டது." எழுதிவிட்டு, எட்டு வயது அக்கா மகளிடம் படித்துக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சாலட் எதுக்கு மாமா டிரஸ் மாத்துது?" என்றாள். நான் வினிகர், ஆலிவ் எண்ணெய் என்று தொடங்கி நாலு நிமிடம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு "ஓ" என்று சொல்லி விளையாடப் போய்விட்டாள்.

அந்த "ஓ"வைத்தான் மொழிபெயர்ப்பவர்கள் எல்லோரும் வாழ்நாள் முழுக்கக் கேட்கிறோம். ஒரு சொல்கூடத் தவறவில்லை, இலக்கணப் பிழையும் இல்லை, சிரிப்பு மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. எங்கே விழுந்தது, எப்படிப் பொறுக்கிக்கொண்டு வருவது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். தக்காளியிடம் பிறகு திரும்பி வருவேன்.

இதில் பழைய, எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ரோமானியப் பேச்சாளர் சிசரோ, கி.மு. 55-இல் பேச்சுக்கலையைப் பற்றி எழுதிய நூலில் நகைச்சுவைக்கென்றே நீண்ட பகுதி ஒதுக்கியிருக்கிறார். சிரிப்பு இரண்டு வகை என்கிறார் அவர். ஒன்று விஷயத்தில் இருப்பது, இன்னொன்று சொல்லில் இருப்பது. எது எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதே ஜோக்கை அதே மொழியில் வேறு சொற்களால் சொல்லிப் பாருங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் அது விஷயத்தில் இருக்கிறது. சொல்லை மாற்றியதும் செத்துப்போனால் அது சொல்லில் இருந்தது.

வேற்று மொழிக்குப் போவதற்கு முன்னாலேயே, புறப்படும் இடத்திலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை என்பதுதான் இதன் அழகு. "டிரெஸ்ஸிங்" என்பதற்குப் பதிலாக ஆங்கிலத்திலேயே "சாலட் சாஸ்" என்று போட்டுப் பாருங்கள். தக்காளிக்கு வெட்கப்பட ஒரு காரணமும் இல்லாமல் போய்விடும்.

நம்மிடம் இந்த இரண்டு வகையும் ஒரே வெண்பாவுக்குள் இருக்கும் சான்று ஒன்று உண்டு. பாம்பையும் எள்ளையும் ஒன்றாக்கிக் காளமேகப் புலவர் பாடியதாக வழங்கும் சிலேடை:

"ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேயிரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் – ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடுபாம் பெள்ளெனவே ஓது."

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். இப்போது மொழிபெயர்ப்பவரின் கண்ணோடு பாருங்கள். "மூடித் திறக்கின் முகங்காட்டும்." மூடியைத் திறந்தால் பாம்பு தலையைத் தூக்கி முகத்தைக் காட்டும். எண்ணெய்க் குடத்தைத் திறந்து பார்த்தால் நம் முகம் அதில் தெரியும். இது உலகத்தில் எந்த மொழிக்கும் போகும். மூடி, திறப்பு, முகம் ஆகிய மூன்றுக்கும் சொல் இருந்தால் போதும். இரட்டை அர்த்தம் பாம்பின் இயல்பிலும் எண்ணெயின் இயல்பிலும் இருக்கிறதே தவிர, தமிழ்ச் சொல்லில் இல்லை.

அடுத்து "பிண்ணாக்கு". எள்ளை ஆட்டினால் மிஞ்சுவது பிண்ணாக்கு. பாம்புக்கோ பிளந்த நாக்கு, அதாவது பிள் நாக்கு. இங்கே வந்ததும் மொழிபெயர்ப்பவர் நின்றுவிட வேண்டியதுதான். எண்ணெய் பிழிந்த சக்கைக்கும் பிளவுபட்ட நாக்குக்கும் ஒரே ஒலியில் சொல் வைத்திருக்கும் இன்னொரு மொழியை நான் பார்த்ததில்லை. ஒரே பாட்டில் ஒரு வரி கப்பல் ஏறுகிறது, அடுத்த வரி கரையிலேயே நின்றுவிடுகிறது.

விஷயத்தில் இருக்கும் சிரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பரமார்த்த குருவே சாட்சி. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எழுதிய கதை. குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்து, எல்லோரும் வந்துவிட்டோமா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். ஐந்து பேர்தான் வருகிறது. ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வழியே வந்த ஒருவன் தடியால் ஒவ்வொருவருக்கும் ஓர் அடி வைத்து, அடி வாங்கியவர்களை வரிசையாக எண்ணச் சொல்லி ஆறு பேரையும் மீட்டுக் கொடுக்கிறான்.

இங்கிலாந்தில் கோத்தம் என்றோர் ஊர். அங்கே அறிவாளிகள் என்று கேலியாக அழைக்கப்படும் ஆட்களைப் பற்றி நாட்டுப்புறக் கதைகள் உண்டு. பன்னிரண்டு பேர் மீன் பிடிக்கப் போகிறார்கள். திரும்பும்போது எண்ணினால் பதினொன்று. குதிரையில் வந்த ஒருவர் சவுக்கால் ஆளுக்கு ஓர் அடி வைத்து, இதோ ஒன்று, இதோ இரண்டு என்று எண்ணிக் காட்டுகிறார். ஆற்றுக்குப் பதில் ஓடை, தடிக்குப் பதில் சவுக்கு. எந்த ஊர்க் கதை எந்த ஊருக்குப் போனது என்ற ஆராய்ச்சி நமக்கு இங்கே வேண்டாம். தன்னை எண்ண மறந்தவன் எந்த மொழியிலும் முட்டாள்தான் என்பது போதும்.

அப்படியானால் விஷயத்தில் இருக்கும் ஜோக்கெல்லாம் சிக்கலில்லாமல் போய்விடுமா? போகாது. கேட்கிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று தெரியாவிட்டால் அதுவும் படுத்துவிடும். இப்படி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்:

"தம்பி, இதுவரைக்கும் எத்தனை பொண்ணு பார்த்திருக்கீங்க?"
"பொண்ணுங்க கணக்கு ஞாபகம் இல்ல சார். பதினேழு பஜ்ஜி, மூணு போண்டா."

நமக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. பெண் பார்க்கப் போனால் பஜ்ஜியும் சொஜ்ஜியும் வரும் என்பது பஜ்ஜியின் வாசனையைப் போல நமக்கு இயல்பாகத் தெரிந்தது. ஆங்கிலம் படிக்கிற வெளிநாட்டுக்காரருக்கு, கல்யாணத்துக்கும் பலகாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாது. புதிதாக மொழிபெயர்ப்பவர்கள் இங்கே உடனே அடிக்குறிப்புப் போட்டுவிடுவார்கள். "தென்னிந்தியாவில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குச் செல்லும்போது…" என்று நாலு வரி. சிரிக்க வேண்டிய இடம் தாண்டியபிறகு வருகிற தகவல் அது. வெடி வெடித்து முடிந்தபிறகு திரியைக் காட்டி என்ன பயன்?

தேவையான தகவலைக் கேள்விக்குள்ளேயே ஒளித்து வைத்துவிடலாம். ஆங்கிலத்தில் கேள்வியை இப்படி மாற்றுவேன்: "இதுவரைக்கும் எத்தனை பெண் வீட்டில் உங்களை உட்காரவைத்துப் பலகாரம் போட்டிருக்கிறார்கள்?" பதில் அப்படியே. படிக்கிறவருக்கு இப்போது அந்த வழக்கம் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டோம் என்பதே தெரியாமல் தெரிந்துவிட்டது. மூல ஜோக்கில் கேள்வி பெண்களைப் பற்றி, பதில் பலகாரத்தைப் பற்றி. அந்தத் தாவல்தான் சிரிப்பு. என் திருத்தத்தில் கேள்வியிலேயே பலகாரம் எட்டிப் பார்த்துவிடுவதால் தாவலின் தூரம் கொஞ்சம் குறைகிறது. அதனால் "பலகாரம்" என்று பொதுவாகப் போட்டு நிறுத்திக்கொள்கிறேன். பஜ்ஜியும் எண்ணிக்கையும் பதிலில்தான் வரவேண்டும். கேள்வியில் பஜ்ஜியைச் சொல்லிவிட்டால் ஜோக் போச்சு.

சரி, இப்போது தக்காளி.

சொல்லில் இருக்கும் சிரிப்பைக் காப்பாற்ற முதலில் செய்ய வேண்டியது, மூலத்தின் சொற்களைத் தூர வைப்பது. டிரெஸ்ஸிங்குக்குத் தமிழில் என்ன என்று தேடினால் காலமெல்லாம் தேடிக்கொண்டிருக்கலாம். ஜோக்கின் முடிச்சு எது, அதற்கு எவையெல்லாம் கட்டாயம் வேண்டும், எவை போனால் பரவாயில்லை என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். தக்காளி வேண்டும், அது வெட்கத்தில் சிவக்க வேண்டும். நல்லவேளை, வெட்கத்தில் முகம் சிவப்பது தமிழிலும் வழக்குதான். சமையலறை வேண்டும். பார்க்கக் கூடாத ஒன்றைத் தக்காளி பார்த்துவிட வேண்டும். அதாவது ஒரே சொல் சமையலையும் ஆடையையும் தொட வேண்டும். சாலட்? அது வேண்டியதில்லை. டிரெஸ்ஸிங்கும் வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு தாளை எடுத்து, சமையலறையில் காய்கறிக்கு நாம் செய்வதையெல்லாம் வரிசையாக எழுதினேன். கழுவு, நறுக்கு, அரி, ஆய், வதக்கு, வேகவை, தாளி, சீவு, உரி. ஒவ்வொன்றையும் ஆடையோடு சேர்த்துப் பார்த்தேன். கழுவுவது குளியலை நினைவுபடுத்துகிறது, ஆனால் பாத்திரத்தைத் தாண்டி நகர மறுக்கிறது. சீவுவது தலைமுடிப் பக்கம் போகிறது, அதைப் பார்த்து யாரும் வெட்கப்பட மாட்டார்கள். கடைசியில் உரி. தோலை உரிக்கிறோம், துணியையும் உரிக்கிறார்கள். துகிலுரிதல் என்ற சொல் பாரதக் கதை கேட்ட எல்லோருக்கும் தெரியும். அடுப்படியில் தினம் உரிபடுவது யார்?

"தக்காளி ஏன் வெட்கத்துல சிவந்துபோச்சு?"
"பக்கத்துல வெங்காயத்தை உரிச்சிட்டாங்களாம்."

அக்கா மகள் "ச்சீ" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விளக்கம் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் ஆடை உடுத்துவது, தமிழில் ஆடை களைவது. அகராதிப்படி பார்த்தால் நேர் எதிர். ஆனாலும் இதுதான் சரியான மொழிபெயர்ப்பு என்று நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் மூலம் தன் வாசகருக்குச் செய்ததை இது தன் வாசகருக்குச் செய்கிறது. இன்னொரு லாபமும் இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருவதால் "உரிச்சிட்டாங்களாம்" தானாகவே வெடிக்க வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இது எப்போதும் இவ்வளவு சுலபமாக முடியாது. இதே ஜோக் படக்கதைப் புத்தகத்தில் வந்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் சாலட்டும் ஒரு பாட்டில் டிரெஸ்ஸிங்கும் வரைந்திருந்தால் என் வெங்காயம் எங்கே போகும்? படம் நம் கையைக் கட்டிவிடும். திரைப்படமும் அப்படித்தான். நடிகர் கையில் எதைப் பிடித்திருக்கிறாரோ அதை வைத்துத்தான் நாம் சமாளிக்க வேண்டும். அடுத்த வரியில் யாராவது டிரெஸ்ஸிங்கைப் பற்றி மறுபடி பேசினால் இன்னும் சங்கடம். அதனால் முடிச்சை மாற்றுவதற்கு முன் அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டு பக்கத்தையாவது படித்துவிட வேண்டும். நான் ஒருமுறை படிக்காமல் மாற்றிவிட்டு, பத்துப் பக்கம் தள்ளி அதே சொல் திரும்ப வந்தபோது தலையில் கைவைத்துக்கொண்டேன்.

இலக்கணத்துக்குள் ஒளிந்திருக்கும் முடிச்சு

சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பதைப் போல, வாக்கியத்துக்கும் இரண்டு அர்த்தம் இருக்கலாம். அமெரிக்க நகைச்சுவை நடிகர் குரூச்சோ மார்க்ஸ் 1930-இல் வந்த ஒரு படத்தில் சொல்லும் வசனம் புகழ்பெற்றது. ஒரு நாள் காலையில் நான் என் பைஜாமாவில் ஒரு யானையைச் சுட்டேன் என்கிறார். கேட்கிறவர்கள் இவர் இன்னும் உடை மாற்றாமல் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனார் என்று நினைத்துக்கொள்வார்கள். உடனே, அது என் பைஜாமாவுக்குள் எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை என்கிறார். ஆங்கிலத்தில் "பைஜாமாவில்" என்ற தொடர் வாக்கியத்தின் கடைசியில் வரும். அது "நான்" என்பதோடும் ஒட்டும், "யானை" என்பதோடும் ஒட்டும்.

தமிழில் இதைப் பார்த்ததும் கை தானாக "பைஜாமா அணிந்துகொண்டு ஒரு யானையைச் சுட்டேன்" என்று எழுதும். தெளிவான, நல்ல தமிழ். அந்தத் தெளிவுதான் ஜோக்கைக் கொல்கிறது. "அணிந்துகொண்டு" என்றால் சுட்டவன்தான் அணிந்திருக்க முடியும், யானைக்கு அங்கே இடமில்லை. நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் நகைச்சுவையில் சறுக்குவது பெரும்பாலும் இப்படித்தான். குழப்பத்தைக் கண்டால் தீர்த்துவைக்கப் பழகிய கை, தீர்க்கக் கூடாத குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறது.

"பைஜாமாவில்" என்று வைத்தால்? ஆடை அணிந்திருப்பதைச் சொல்ல இப்போது சிலர் அப்படி எழுதுகிறார்கள், "வேட்டி சட்டையில் வந்தார்" என்று. ஆனால் சுடுவதோடு சேரும்போது பைஜாமாவைக் குறிபார்த்துச் சுட்டதுபோல ஒரு தடுமாற்றம் வருகிறது. இரண்டு பக்கமும் சிரமமில்லாமல் ஒட்டக்கூடிய ஓர் உருபு நம்மிடம் இருக்கிறது: ஓடு.

"ஒருநாள் காலையில் எழுந்து பைஜாமாவோடு ஒரு யானையைச் சுட்டேன். அதற்கு யார் பைஜாமா போட்டுவிட்டார்கள் என்றுதான் தெரியவில்லை."

"பைஜாமாவோடு சுட்டேன்" என்றால் நான் பைஜாமாவோடு. "பைஜாமாவோடு ஒரு யானை" என்றால் யானை பைஜாமாவோடு. முதல் வாக்கியத்தைக் கேட்கும்போது முதல் அர்த்தம்தான் மனதில் வரும், இரண்டாவது வாக்கியம் கேட்கிறவரின் காதைத் திருகி இரண்டாவது அர்த்தத்துக்குக் கொண்டுபோகும். இங்கே பைஜாமாவை லுங்கியாக்கலாமே என்று சிலருக்குத் தோன்றும். லுங்கி கட்டிய யானை இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் படத்தில் பேசுகிறவர் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போய் வந்ததாக அளந்துவிடும் அமெரிக்கக் கேப்டன். அவர் லுங்கி கட்டினால் பார்வையாளரின் கவனம் யானையை விட்டு லுங்கிக்குப் போய்விடும். பைஜாமா நமக்குத் தெரிந்த சொல்தான், முடிச்சும் அதைக் கொண்டே விழுந்துவிட்டது. தேவையில்லாமல் எதையும் உள்ளூர்ப்படுத்த வேண்டாம்.

இதைச் சப்டைட்டிலாகப் போடுகிறவருக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. திரையில் ஒரே நேரத்தில் இரண்டு வரிதான் போட முடியும். மேல் வரியில் யானையைச் சுட்டதையும் கீழ் வரியில் பைஜாமாவையும் சேர்த்துப் போட்டுவிட்டால், நடிகர் வாயைத் திறப்பதற்குள் பார்வையாளர் இரண்டையும் படித்து முடித்துவிடுவார். கண் காதைவிட வேகம். தியேட்டரில் சிரிப்பு முன்னால் வந்து, நடிகர் பிறகு வருவார். அதனால் முதல் வாக்கியம் ஒரு சப்டைட்டில், இரண்டாவது வாக்கியம் தனியாக இன்னொன்று, அதுவும் அவர் பேசத் தொடங்கும் அதே நொடியில்.

தமிழிலிருந்து வெளியே போகும்போது

கி.வா.ஜகந்நாதன் பேச்சில் சிலேடை கொட்டும் என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவரைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்லும் ஒரு சம்பவம். கார் வழியில் நின்றுவிட்டது, எல்லோரும் இறங்கித் தள்ளுகிறார்கள். கி.வா.ஜ.வும் தள்ள வந்தபோது, வயதானவர் என்று, "ஐயா, நீங்கள் வேண்டாம்" என்கிறார்கள். அவர் கேட்டாராம்: "ஏன், நான் என்ன தள்ளாதவனா?"

தள்ளாத வயது என்றால் முதுமையின் தளர்ச்சி. தள்ளாதவன் என்றால் காரைத் தள்ளாதவனும்தான். ஒரே சொல்லில் முடிந்தது. சொல்லிக்கொண்டே காரில் கைவைத்தால் மறுப்புக்கு ஆதாரமும் கையோடு வந்துவிடுகிறது.

இதை நேராக ஆங்கிலத்தில் போட்டால் "நான் என்ன புஷ் பண்ணாதவனா" என்று வரும். ஆங்கிலக்காரர் "ஓ" என்பார். "புஷ்ஷர்" என்று சுருக்கினால் இன்னும் மோசம், ஆங்கிலத்தில் அது போதைப்பொருள் விற்கிறவனைக் குறிக்கும். தமிழ் அறிஞரை அப்படி ஆக்கிவிட்டு நாம் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

தக்காளிக்குச் செய்ததையே திருப்பிச் செய்யலாம். முடிச்சு, தள்ளுவதையும் முதுமையையும் ஒரே சொல் தொடுவது. ஆங்கிலத்தில் தள்ளுவதற்கு "புஷ்". அந்தச் சொல்லின் உறவுக்காரர்களையெல்லாம் தாளில் எழுதுங்கள். "புஷ்ஓவர்" என்றால் எளிதில் மசிகிறவன். "புஷ்ஷி" என்றால் முந்திக்கொண்டு மூக்கை நுழைப்பவன். "புஷ்ஷிங் செவன்ட்டி" என்றால் எழுபது வயதை நெருங்குகிறவர். வேறெங்கும் தேட வேண்டாம். வயதைத் தள்ளுவதாக ஆங்கிலமே பேசிக்கொண்டிருக்கிறது.

ஆங்கிலத்தில் அவர் இப்படிச் சொல்லட்டும்: நான் ஒரு வருஷமாக எழுபதைப் புஷ் பண்ணிக்கொண்டிருக்கிறேன், ஒரு கார் என்ன பெரிய விஷயம்? தமிழில் இதைப் படிக்க உப்பில்லாமல்தான் இருக்கும். ஆங்கிலத்தில் நினைத்துப் பாருங்கள், வண்டி நகரும். எழுபது என்பதை நானாக வைத்தேன், சம்பவத்தின்போது அவர் வயது என்னவோ அதற்கேற்ப எண்ணை மாற்றிக்கொள்ளலாம்.

இதில் போனது எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழில் அவர் கேட்பது ஒரு சின்னக் கோபத்தோடு வரும் கேள்வி, என்னைப் பலவீனன் என்கிறீர்களா என்று. ஆங்கிலத்தில் அது ஒரு செல்லப் பெருமையாகிவிட்டது. ஒரு சொல்லில் முடிந்த வேலைக்கு ஒரு முழு வாக்கியம் ஆயிற்று. கூர்மை கொஞ்சம் மழுங்கியது உண்மைதான். இருந்தாலும், கேட்கிறவர் சிரித்துக்கொண்டே காரைத் தள்ளுவார்.

தமிழிலிருந்து போகும்போது இன்னொன்றும் அடிக்கடி கை நழுவும். நீங்க என்பது சட்டென்று நீ ஆவது. பெண் வீட்டில் "வாங்க மாப்ளே, உட்காருங்க" என்று இருந்தவர், சம்பளத்தைக் கேட்டதும் "சரி, நீ கிளம்புப்பா" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிரிப்பு முழுவதும் அந்த "நீ"யில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அங்கே மரியாதையை வேறு இடத்தில் ஏற்றி வைத்து இறக்க வேண்டும். முதல் பேச்சில் நீளமான உபசாரம், "தயவுசெய்து", "எங்கள் பாக்கியம்". இரண்டாவதில் இரண்டே சொல், கதவு அந்தப் பக்கம் என்று.

எதுவும் கிடைக்காதபோது

பிண்ணாக்கு போன்ற இடங்கள் எல்லா நூலிலும் வரும். முடிச்சைப் பிரித்து, தாளில் நாற்பது சொல் எழுதி, இரண்டு நாள் தூங்கி எழுந்தாலும் ஒன்றும் கிடைக்காது. அப்போது அந்த ஜோக்கை அந்த இடத்தில் விட்டுவிட்டு, மூலத்தில் சிரிப்பே இல்லாத வேறோர் இடத்தில், நம் மொழி தானாகக் கொடுக்கிற ஒன்றை வைத்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பவர்கள் இதை ஈடுகட்டுவது என்பார்கள். பக்கத்துக்கு நாலு சிரிப்பு மூலத்தில் இருந்தால் நம் பக்கத்திலும் நாலு இருக்க வேண்டும், அதே நாலாக இல்லாவிட்டாலும்.

ஈடுகட்டுவதில் ஆங்கிலத்தின் சாதனையாக எல்லோரும் காட்டுவது ஆஸ்டெரிக்ஸ் படக்கதைகளை. 1959-இல் பிரான்ஸில் கோசினியும் உதெர்சோவும் தொடங்கியது. ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள் ஆந்தியா பெல், டெரெக் ஹாக்ரிட்ஜ். அதில் வரும், பழைய பிரான்ஸில் வாழ்ந்த "கால்" என்ற இனத்து ஆண்களின் பெயர்களெல்லாம் "இக்ஸ்" என்று முடியும், ஒவ்வொன்றிலும் ஒரு சிலேடை இருக்கும். குட்டி நாயின் பிரெஞ்சுப் பெயர் இடேஃபிக்ஸ். பிரெஞ்சில் "இடே ஃபிக்ஸ்" என்றால் மனதில் பிடித்துக்கொண்டு விடாத எண்ணம். ஆங்கிலத்தில் அதை டாக்மாட்டிக்ஸ் ஆக்கினார்கள். "டாக்மாட்டிக்" என்றால் தன் கருத்தை விட்டுக்கொடுக்காத பிடிவாதக்காரர், ஆகவே பிரெஞ்சின் அர்த்தம் ஏறக்குறைய வந்துவிட்டது. அதோடு உள்ளே ஒரு "டாக்" குரைக்கிறது. மூலத்தில் இல்லாத நாய் மொழிபெயர்ப்பில் கிடைத்திருக்கிறது.

ஊர்ப் பாடகனின் கதை இன்னும் சுவாரசியம். அவன் பாடினால் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். பிரெஞ்சில் அவன் பெயர் அசுரான்ஸ்தூரிக்ஸ், எல்லா ஆபத்துக்கும் சேர்த்து எடுக்கும் இன்ஷூரன்ஸ் என்ற தொடரின் ஒலி. அவன் பாட்டுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, வெறும் ஒலி விளையாட்டு. ஆங்கிலத்தில் கேக்கஃபோனிக்ஸ் என்று வைத்தார்கள், காதைக் கிழிக்கும் ஓசை என்ற சொல்லிலிருந்து. இன்ஷூரன்ஸ் போயிற்று, ஆனால் பெயரே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது.

தமிழில் நான் வைத்தால் பாடகனுக்கு அபஸ்வரிக்ஸ் என்று வைப்பேன். நாய்க்கு ரொம்ப நாள் யோசித்தேன். பிடித்ததை விடாத எண்ணம், பிடித்ததை விடாத நாய் இரண்டும் ஒரே பெயரில் வேண்டும். கடைசியில் விடாப்பிடிக்ஸ் என்று வைத்துக்கொண்டேன். யாரும் என்னை அந்தப் புத்தகத்தை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. இருந்தாலும் பெயர் தயாராக இருக்கிறது.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூலம் தெரிந்தவரிடம் காட்டாதீர்கள். அவர் மூலத்தை நினைத்துக்கொண்டு சிரிப்பார், நம் வரிக்கு அதில் பங்கில்லை. மூல மொழியே தெரியாத ஒருவரிடம், முன்னுரை எதுவும் சொல்லாமல், பேச்சுவாக்கில் சொல்லிப் பார்க்க வேண்டும். ஒரு நொடி தாமதித்துச் சிரித்தாலும் பரவாயில்லை. "நல்லா இருக்கு" என்று சொன்னால் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எழுத்தில் செய்கிறவர்களுக்கு இரண்டு நாள் தூங்கி எழ நேரம் இருக்கிறது. மேடையில் பக்கத்தில் நின்று வாய்மொழியாகப் பெயர்க்கிறவருக்கு இரண்டு மூச்சுதான். முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் தானே சொல்லி மகிழ்ந்த ஒரு கதை இது. பதவி விட்டு இறங்கிய 1981-இல் ஜப்பானில் ஒரு கல்லூரியில் பேசப் போனார். எல்லோரும் இறுக்கமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, தனக்குத் தெரிந்ததில் மிகச் சிறிய ஜோக் ஒன்றைச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னதும் அரங்கமே வெடித்துச் சிரித்தது. தன் வாழ்நாளில் அந்த ஜோக்குக்கு அவ்வளவு சிரிப்பு கிடைத்ததில்லை என்று கார்ட்டருக்கு ஆச்சரியம். கூட்டம் முடிந்ததும் அந்த மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, என் ஜோக்கை எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். அவர் நழுவப் பார்த்தார். விடாமல் கேட்டதும் ஒப்புக்கொண்டார்:

"அதிபர் கார்ட்டர் ஒரு வேடிக்கையான கதை சொன்னார், எல்லோரும் சிரிக்க வேண்டும் என்று சொன்னேன்."